தேவை வெல்டரா, 'நம்ம பையனா'? வேலை விளம்பரம் எழுதுவது குறித்து

(பாளையங்கோட்டையில் நடந்த ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறு பட்டறைகளிலும் கடைகளிலும் வேலைக்கு ஆள் எப்படிச் சேருகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அந்த வேலையாக ஜங்ஷன், பேட்டை, மேலப்பாளையம், சேரன்மகாதேவி என்று சுற்றும்போது சுவரிலும் டீக்கடைத் தூணிலும் ஒட்டியிருக்கும் 'ஆள் தேவை' நோட்டீஸ்களை நின்று வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்று அப்படி ஒரு நோட்டீஸை மட்டும் எடுத்துக்கொண்டு, வரி வரியாகப் பிரித்துப் பார்த்து, நாமே திருத்தி எழுதலாம் என்று வந்திருக்கிறேன். இங்கே இருப்பவர்களில் சிலர் நாளைக்குச் சொந்தமாகக் கடை போடுவீர்கள். பலர் உங்கள் தெருவில் யாரோ ஒரு அண்ணாச்சிக்கு இந்த நோட்டீஸை டைப் செய்து கொடுப்பீர்கள். எழுதுகிற கை உங்களுடையதாக இருக்கப் போகிறது என்பதால்தான் இதைப் பேசுகிறேன்.

பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வீட்டு கேட், ஜன்னல் கிரில் செய்கிற பட்டறை. முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். ஒரு வெல்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். முதலாளி அண்ணாச்சி எழுதுகிற நோட்டீஸ் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"வெல்டிங் பட்டறைக்கு ஆள் தேவை. நல்ல குடும்பத்தைச் சேர்ந்த, அனுபவம் உள்ள பையன். வயது 20 முதல் 28. உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. பைக் அவசியம். சம்பளம் நேரில்."

இதில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. எழுதிய அண்ணாச்சியிடம் கேட்டால், "நான் அப்படியெல்லாம் பாக்கிறதில்ல தம்பி" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த நோட்டீஸில் உள்ள சொற்கள் வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லாத சொற்கள். ஒரு சொல் காலியாக இருந்தால், அதை வாசிக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொள்வார்கள். இந்த ஆற்றங்கரையில் அந்த இடத்தை நிரப்ப முதலில் வந்து நிற்பது எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'நல்ல குடும்பம்' என்பதை எடுத்துக்கொள்வோம். 2007-இல் சுரீந்தர் ஜோட்காவும் கேதரின் நியூமனும் தில்லிப் பகுதியில் பெரிய நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றுதான் எங்களுக்கு முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், நேர்காணலில் 'குடும்பப் பின்னணி' கேட்பதை இயல்பான, அவசியமான கேள்வியாகவே கருதினார்கள். அப்பா என்ன செய்கிறார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டே ஒருவரின் குணத்தைக் கணித்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏசி அறையில் கோட் போட்டுக்கொண்டு கேட்ட அந்தக் கேள்விதான் நம் டீக்கடைத் தூணில் 'நல்ல குடும்பம்' என்று ஒட்டியிருக்கிறது.

அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் தாங்கள் செய்த இன்னொரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே விளம்பரத்துக்குச் சமமான படிப்பும் தகுதியும் கொண்ட விண்ணப்பங்கள். பெயர் மட்டும் வேறு: ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இதில் நாம் கவனிக்க வேண்டியது, இது எந்தக் கட்டத்தில் நடந்தது என்பது. யாரும் யாரையும் நேரில் பார்க்கவில்லை. வேலை தெரியுமா என்று சோதிக்கவும் இல்லை. பெயரை வாசித்த அந்த இடத்திலேயே கதவு சாத்தப்பட்டது.

திருநெல்வேலியில் அதற்குப் பெயர்கூடத் தேவைப்படாது. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், தெருப் பெயரைச் சொன்னால் இன்னும் தெளிவு. "எந்த ஊரு? அங்க எந்தப் பக்கம்?" என்ற இரண்டு கேள்வியில் கணக்கு முடிந்துவிடும். எனவே 'உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை' என்று எழுதும்போது அண்ணாச்சி ஒருவேளை 'நேரத்துக்கு வந்து சேரக்கூடியவர்' என்று மட்டும்தான் நினைத்திருப்பார். வாசிக்கிறவருக்கோ, இது நமக்கான இடமில்லை என்று கேட்கும். நல்ல வேலை தெரிந்த ஒருவர் அந்த வரியோடு திரும்பிப் போய்விடுவார். வராதவர் ஏன் வரவில்லை என்று முதலாளிக்குத் தெரியவே தெரியாது. அவர் "இப்பல்லாம் வேலைக்கு ஆளே கிடைக்கல" என்று சலித்துக்கொண்டிருப்பார்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். வேலைவாய்ப்பில் சம வாய்ப்பைப் பேசும் அரசமைப்புச் சட்டத்தின் 16வது உறுப்பு அரசுப் பணிகளுக்கு மட்டுமானது. 1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4வது பிரிவில், தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்த வேலையிலும் சேரவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். 'நல்ல குடும்பம்' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்தில் எதை நிரூபிப்பது? எனவே நோட்டீஸ் எழுதும் இடத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இப்போது திருத்துவோம். நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றுதான். ஒவ்வொரு வரியையும் தொட்டு, "இது இல்லாதவரால் முதல் நாள் வேலையைச் செய்ய முடியாதா?" என்று கேட்பது. முடியாது என்றால் அந்த வரி இருக்கட்டும். ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்றால் 'கற்றுத்தருவோம்' என்று மாற்றி எழுதலாம். வேலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லையென்றால் அடித்துவிட வேண்டும்.

'பைக் அவசியம்' என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டால், வீடுகளுக்குப் போய் கேட் பொருத்த வேண்டும் என்பார் அண்ணாச்சி. கேட்டையும் வெல்டிங் மெஷினையும் பைக்கில் கொண்டுபோக முடியாது. பட்டறையின் லோடு வண்டிதான் போகும், ஆளும் அதிலேயே போகலாம். ஆக, பைக் வரி அடிபடுகிறது. அதோடு முக்கூடலில் இருந்தும் வீரவநல்லூரில் இருந்தும் பஸ்ஸில் வரக்கூடியவர்கள் உள்ளே வருகிறார்கள். 'உள்ளூர்' என்பதன் உண்மையான பொருள் காலை 9 மணிக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான். அதையே எழுதிவிடலாம். 'வயது 20 முதல் 28' என்பதற்குக் காரணம் கேட்டால் பதில் இருக்காது. பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்பது போதும். 'பையன்' என்பதை 'ஆள்' என்று மாற்றினால் ஐ.டி.ஐ. முடித்த ஒரு பெண்ணும் அதை வாசித்து நிற்பார். ஆள் சேர்ப்பதில் பெண்ணை ஒதுக்கக் கூடாது என்று 1976-இலேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது.

'அனுபவம் உள்ள' என்பது பார்க்க ஒழுங்கான சொல் போலத் தெரியும். ஆனால் அதுவும் காலியான சொல்தான். எதில் அனுபவம்? பாலத்துக்குத் தடித்த இரும்பு வெல்டிங் செய்தவருக்குப் பத்து வருட அனுபவம் இருக்கலாம். அவரிடம் ஜன்னல் கிரில்லுக்கான மெல்லிய பைப்பைக் கொடுத்தால் முதல் தொடுதலிலேயே ஓட்டை விழலாம். 16 கேஜ் சதுரப் பைப்பின் தகடு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்கு 2.5 மில்லிமீட்டர் ராடு போட்டு, கரண்டைக் குறைத்து வைத்து, கை நிற்காமல் போக வேண்டும். எனவே எழுத வேண்டியது இதுதான்: "16 கேஜ் பைப்பை ஓட்டை விழாமல் ஆர்க் வெல்டிங் செய்யத் தெரிய வேண்டும்." இந்த ஒரு வரி இரண்டு வேலை செய்யும். தெரியாதவர் தானே விலகிக்கொள்வார். தெரிந்தவர், சான்றிதழ் இல்லாவிட்டாலும், சிபாரிசு செய்ய மாமா இல்லாவிட்டாலும், "இது எனக்குத் தெரியுமே" என்று போனை எடுப்பார்.

மிச்சம் இருப்பது 'சம்பளம் நேரில்'. பேரம் பேச வசதி என்று முதலாளிகள் இதை விடுகிறார்கள். வேலை தேடுகிறவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். கையில் இருக்கும் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, ஒரு தொகையைக் கேட்பதற்காகப் பேட்டைக்கு வர வேண்டும். அப்படி வரக்கூடியவர் யார்? வீட்டில் தாங்குவதற்கு ஆள் இருப்பவர், அல்லது முதலாளியை ஏற்கெனவே தெரிந்தவர். தொகையை எழுதாமல் விடுவதும் ஒரு வடிகட்டிதான். அது வேலை தெரிந்தவரை வடிகட்டுவதில்லை, வசதியில்லாதவரை வடிகட்டுகிறது. நேரில் பேசும் கூலி ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் உண்டு. யாருக்குக் குறையும் என்பது நமக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் நோட்டீஸ் இப்படி வரும். தொகைகள் உதாரணத்துக்கு.

"வெல்டர் ஒருவர் தேவை. இடம்: பேட்டை, திருநெல்வேலி.
வேலை: வீட்டு கேட், ஜன்னல் கிரில் செய்வது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீடுகளுக்குப் போய்ப் பொருத்துவது. பட்டறை வண்டி உண்டு.
தெரிய வேண்டியது: 16 கேஜ் பைப்பை ஓட்டை விழாமல் ஆர்க் வெல்டிங் செய்வது; டேப் வைத்து அளந்து வெட்டுவது. சான்றிதழ் கட்டாயமில்லை.
கற்றுத்தருவது: படம் பார்த்து டிசைன் கிரில் செய்வது.
கூலி: நாளுக்கு 750 ரூபாய். சனிக்கிழமை மாலை கையில். மூன்று மாதம் கழித்து 850 ரூபாய்.
நேரம்: காலை 9 முதல் மாலை 6. இடையில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஞாயிறு விடுமுறை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி.
கண்ணாடி, கையுறை, ஷூ பட்டறை தரும். கழிப்பறை உண்டு.
18 வயது நிறைந்த ஆண், பெண் யாரும் வரலாம். ஊர், சமூகம் கேட்க மாட்டோம். தண்ணீரும் சாப்பாட்டு இடமும் எல்லோருக்கும் ஒன்றுதான்.
தேர்வு: அரை நாள் வேலை செய்து காட்ட வேண்டும். அதற்கு 400 ரூபாய் உண்டு.
மாலை 6 முதல் 8 வரை அழைக்கவும்."

நீளமாக இருக்கிறதே என்பீர்கள். ஒரு தாளில் அடங்கிவிடும். தேவையில்லாத ஐம்பது அழைப்புகளுக்குப் பதில் சொல்வதைவிட இது சுலபம்.

இதில் இரண்டு வரிகளைப் பற்றித் தோழர்கள் கேள்வி எழுப்புவதுண்டு. முதலாவது, 'ஊர், சமூகம் கேட்க மாட்டோம்'. இதை ஏன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், கேட்காமல் இருந்தால் போதாதா என்று. வேறு எங்காவது அது போதும் என்று சொல்லலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்தே சாதி சொல்லும் மாவட்டம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை அவருடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. அந்தப் பள்ளிகளில் இருந்து வெளிவருகிறவர்கள்தான் நம் நோட்டீஸை வாசிக்கப் போகிறவர்கள். இங்கே ஒரு பட்டறை மௌனமாக இருந்தால், அது 'அவர்கள் பட்டறை' என்றுதான் வாசிக்கப்படும். அதே காரணத்தால் நோட்டீஸில் தலைவர் படம், சங்கக் கொடியின் நிறம் எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போதும்.

இரண்டாவது, தண்ணீரும் சாப்பாடும். வேலை விளம்பரத்தில் இது எதற்கு? நூறு வருடங்களுக்கு முன்னால் இதே தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவி குருகுலத்தில், தனிப் பந்தி பிரச்சினைதான் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது. வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்தில் இரண்டு பார்ப்பன மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். படிப்பு ஒன்றுதான், பந்தி வேறு. இன்றைய பட்டறையிலும் வேலை ஒன்றாகவும் டம்ளர் வேறாகவும் இருக்கக்கூடும் என்ற பயம் வருகிறவருக்கு உண்டு. நான் பேசிய தொழிலாளர்களில் சிலர், கூலியைவிட இதைத்தான் முதலில் விசாரிப்போம் என்றார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: பட்டறையில் அப்படி நடக்கவில்லையென்றால் இந்த வரியை எழுதக் கூடாது. முதல் நாள் மதியமே பொய் வெளுத்துவிடும். அந்த ஆளும் போய்விடுவார், அவர் சொல்லிக் கேட்ட மற்றவர்களும் வர மாட்டார்கள்.

எழுதியது பாதி வேலை. எங்கே ஒட்டுகிறோம் என்பது மீதி. இதே நோட்டீஸை அண்ணாச்சி தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் வைத்தால், அவருடைய சொந்தக்காரர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும்தான் பார்ப்பார்கள். வாசகம் எவ்வளவு திறந்திருந்தாலும் வாசல் அவர் தெருவில்தான் இருக்கிறது. பேட்டை அரசு ஐ.டி.ஐ. அறிவிப்புப் பலகை, பஸ் ஸ்டாண்டு, வெவ்வேறு ஊர்க்காரர்கள் வந்து போகும் மூன்று டீக்கடைகள், இரும்புக் கடை, வெல்டிங் ராடு விற்கும் கடை ஆகிய இடங்களில் ஒட்டலாம். தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளமான tnprivatejobs.tn.gov.in இல் பதிவு செய்யலாம்.

அழைப்புகள் வர ஆரம்பித்ததும் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். பெயரை எழுத வேண்டாம், வரிசை எண்ணும் போன் நம்பரும் போதும். எல்லோரிடமும் அதே மூன்று கேள்விகள்: எந்த கேஜ் பைப்பில் வேலை செய்திருக்கிறீர்கள், 9 மணிக்கு வந்து சேர முடியுமா, எந்த நாள் வேலை செய்து காட்ட வருகிறீர்கள்? பேச்சு வழக்கிலேயே ஊரைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை நோட்டு தடுக்காது. ஆனால் யாரை ஏன் விட்டோம் என்பது எழுத்தில் இருக்கும். அந்தக் காரணத்தை அண்ணாச்சியே பிறகு வாசிக்க வேண்டியிருக்கும்.

அந்த நோட்டு வேறு ஒன்றையும் சொல்லும். அழைப்பே வரவில்லையென்றால் கூலியைப் பாருங்கள். நிறைய வந்தும் வேலை தெரிந்தவர் இல்லையென்றால், 'தெரிய வேண்டியது' என்ற வரி தெளிவாக இல்லை. நோட்டீஸில் இருப்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றால், அது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது, மேலே தூக்குங்கள். வேலை செய்து காட்ட வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றிரண்டு ஊர்க்காரர்களாகவே இருக்கிறார்கள் என்றால், வாசகத்தில் குறை இல்லை, ஒட்டிய இடத்தில் இருக்கிறது.

அடுத்தது சோதனை. வந்தவரிடம் 18 அங்குலத்துக்கு 24 அங்குலத்தில் ஒரு பைப் சட்டம் செய்யச் சொல்லலாம். முடித்ததும் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். சட்டம் சரியாக இருந்தால் இரண்டு பக்கமும் 30 அங்குலம் வரும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சட்டம் கோணல், அந்த அளவில் கேட் செய்தால் பூட்டு சேராது. பிறகு கசடைத் தட்டிவிட்டு ஓட்டை இருக்கிறதா, வெல்டிங் விட்டுவிட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பது. கிரைண்டரை எடுக்கும் முன் கண்ணாடி போட்டாரா என்பதையும் கவனிப்பது. டேப்புக்குத் தாத்தா பெயர் தெரியாது. எல்லோருக்கும் ஒரே 30 அங்குலம்தான். தோரட் - அட்டெவெல் சோதனையில் பெயரிலேயே நின்றுபோனவர்கள் இந்த இடம் வரை வந்து சேர வேண்டும், நாம் கேட்பது அவ்வளவுதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பட்டறைக்குள் முட்டும் இடம் ஒன்று உண்டு. கிரில் பொருத்த வீட்டுக்குள் போகும்போது, "யாரு வந்திருக்கா? எந்த ஊர் ஆளு?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஆள் எடுக்கத் தயங்கும் முதலாளிகள் பலரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்: "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, கஸ்டமர் ஒத்துக்க மாட்டாரு." எந்த நோட்டீஸாலும் இதைத் தீர்க்க முடியாது. முதலாளி வாசலில் நின்று, "பட்டறை ஆள், என் ஆள்" என்று சொல்ல வேண்டும். சில ஆர்டர்கள் கைவிட்டுப் போகலாம். அந்த நஷ்டத்தை முதலாளி ஏற்கிறாரா, அல்லது புது வெல்டரைப் பட்டறைக்குள்ளேயே நிறுத்திவிட்டு மற்றவரை அனுப்புகிறாரா என்பதை வைத்துத்தான், நோட்டீஸில் எழுதியது உண்மையா என்று தெரியும்.

அதனால் அடுத்த முறை யாராவது உங்களிடம், "தம்பி, ஆள் தேவைன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடு" என்று வந்தால், உடனே டைப் செய்யத் தொடங்காதீர்கள். "அண்ணாச்சி, வர்ற ஆளு முதல் நாள் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அவர் 'நம்ம பையனா இருந்தா நல்லது' என்று சேர்த்தால், "அது இல்லாட்டி பைப்பு ஒட்டாதா அண்ணாச்சி?" என்று கேளுங்கள்.